வெந்தயம் ஏன் கசக்கிறது?

கேள்வி: வத்தக்குழம்புக்குக் கடுகையும் வெந்தயத்தையும் ஒன்றாகப் போட்டுத்தான் தாளிக்கிறேன். அளவை மாற்றுவதில்லை. ஆனாலும் ஒரு நாள் மணக்கிறது, மறுநாள் வாயில் வைக்க முடியாமல் கசக்கிறது. ஊறவைத்துப் போடலாமா, அல்லது வெந்தயத்தையே விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வெந்தயத்தில் இரண்டு விதமான கசப்பு உண்டு. ஒன்று, அந்த விதைக்கே உரிய இயல்பான கசப்பு. இது பெரும்பாலும் அதிலுள்ள சபோனின் போன்ற பொருள்களால் வருவது. மற்றது, விதை கருகுவதால் புதிதாக உண்டாகும் கசப்பு. முதலாவதை வறுப்பதும் புளியும் உப்பும் அடக்கிவிடும். இரண்டாவதை எதுவும் அடக்காது. அளவு மாறாமலே உங்கள் குழம்பு ஒரு நாளைக்கு ஒரு சுவையாக இருப்பதைப் பார்த்தால், இரண்டாவது கசப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடுகு வெடிப்பதற்கு எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் வெந்தயம் சில நொடிகளிலேயே பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகி, கடுகு பொரிந்து ஓயும் நேரத்தில் கருகத் தொடங்கிவிடுகிறது. வெந்தயம் கடுகைப் போல வெடித்துச் சத்தம் எழுப்புவதுமில்லை. ஆகையால் காது கடுகின் மேல் இருக்கும்போது வெந்தயம் நம் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. அடுப்பின் தணலும் சட்டியின் கனமும் சற்று மாறினாலே இந்தச் சில நொடிக் கணக்கு தவறிவிடும் என்பதால்தான், ஒரே கையால் ஒரே அளவில் செய்தாலும் சுவை நாளுக்கு நாள் வேறுபடுகிறது.

நான்கு பேருக்கான குழம்பு என்றால், மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க்கு அரை தேக்கரண்டி கடுகும் கால் தேக்கரண்டி வெந்தயமும் போதும். சின்ன வெங்காயத்தை முன்னதாகவே உரித்து அடுப்பருகில் வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பைக் காப்பாற்றப் போவது அதுதான். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு, அது பொரிந்து அடங்கியவுடன் தணலை முழுவதுமாகக் குறைத்து, பிறகே வெந்தயத்தைப் போடுங்கள். அதன் வெளிர் மஞ்சள் முதலில் பொன்னிறமாகி, பின்பு செங்கல் நிறத்தை நோக்கி நகரும். அந்த நிறம் தொடங்கும்போதே, முழுமையாக வரும் வரை காத்திராமல், வெங்காயத்தைக் கொட்டிவிடுங்கள். ஏனெனில் அடுப்பை அணைத்தாலும் சட்டியின் சூடு, அதிலும் இரும்புச்சட்டியின் சூடு, விதையைத் தொடர்ந்து வறுத்துக்கொண்டே இருக்கும். வெங்காயத்திலுள்ள நீர்தான் எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்குகிறது. வெங்காயம் சேர்க்காத குழம்பானால், அந்த நிமிடமே புளிக்கரைசலை ஓரமாகப் பார்த்து ஊற்றலாம்.

நிறத்தைவிட மணம் நம்பகமானது. சரியாகப் பொரிந்த வெந்தயம் சற்று இனிப்பு கலந்த மணம் தரும். எல்லை கடந்ததும் அது மூக்கைச் சுருக்க வைக்கும் காரமான புகைநெடியாக மாறும். விதை காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டால் தயங்காமல் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள். விதைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயனில்லை, கசப்பு எண்ணெயிலும் இறங்கியிருக்கும். வெல்லம் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். அது இயல்பான கசப்பைத் தணிக்கும், கருகலை மறைக்காது.

ஊறவைத்த வெந்தயத்தைத் தாளிப்பில் போட வேண்டாம். ஈரத்தால் எண்ணெய் தெறிக்கும் என்பது ஒருபுறமிருக்க, ஊறிய விதையிலுள்ள நீர் வற்றும் வரை அது வறுபடாது, மணமும் வராது. அரைக்கும் இடங்களுக்குத்தான் ஊறவைத்தல் பொருந்தும். இட்லி, தோசை மாவுக்கு உளுந்தோடு நான்கைந்து மணி நேரம் ஊறும் வெந்தயம் தன்னிடமுள்ள வழவழப்பான பசையை வெளியிட்டு, மாவு நுரைத்துப் பொங்கும்போது காற்றைப் பிடித்துவைக்க உதவுகிறது.

தாளிப்பின் நொடிக்கணக்கு கைவரும் வரை, எண்ணெயில்லாமல் வறுத்து வைத்துக்கொள்வதே நான் விரும்பிப் பரிந்துரைக்கும் வழி. ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தைக் கனமான சட்டியில் சிறு தணலில், கைவிடாமல் கிளறி, நிறம் சிவந்து மணம் எழுந்ததும் உடனே வேறு தட்டில் கொட்டி ஆறவையுங்கள். ஒன்றைக் கடித்துப் பார்த்தால் மொறுமொறுவென உடைய வேண்டும். கல் போலிருந்தால் உள்ளே வறுபடவில்லை. நன்றாகப் பொடித்து வைத்துக்கொண்டு, குழம்பை இறக்குமுன் கால் தேக்கரண்டி தூவினால் தாளிப்பில் வெந்தயமே வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் பயன்படுத்தும் குழம்புப்பொடியிலேயே வெந்தயம் சேர்த்து அரைத்திருந்தால், தாளிப்பிலும் போடும்போது அளவு இரட்டிப்பாகிவிடும். அப்போது தாளிப்பில் விட்டுவிடலாம். புளியோ தயிரோ சேராத தேங்காய்ச் சட்னிக்கும் பொரியலுக்கும் வெந்தயம் தேவையே இல்லை. கசப்பைத் தாங்கிக்கொள்ளும் புளிப்பு அவற்றில் கிடையாது.