துபாய் அனுபவத்தைச் சென்னை கம்பெனிக்குப் புரியவைப்பது

கேள்வி: துபாயில் 9 வருடம் குவாண்டிட்டி சர்வேயர். இப்போது சென்னை வந்துவிட்டேன். எல்லா இன்டர்வியூவிலும் "இந்திய அனுபவம் இல்லையே" என்கிறார்கள். ரெஸ்யூமில் என்ன மாற்றுவது?

2019-இல் திரும்பியபோது எனக்கும் இதே கதைதான். மூன்றாவது இன்டர்வியூவில் "ஆர்ஏ பில் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை, இன்டெரிம் பேமென்ட் அப்ளிகேஷன்தான் செய்திருக்கிறேன்" என்றேன். முட்டாள்தனமான பதில். இரண்டுமே அதுவரை முடிந்த வேலையைக் கணக்கிட்டு, ஏற்கெனவே வாங்கிய தொகையைக் கழித்துக் கேட்கும் பில்தான். நீங்கள் செய்த வேலைக்கு இங்கே பல இடங்களில் ‘பில்லிங் இன்ஜினியர்’ என்று பெயர். ரெஸ்யூமின் மேல் வரியில் இரண்டு பெயரையும் போடுங்கள்.

ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அவர்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. அங்கே நான் பார்த்தது பெரும்பாலும் லம்ப்சம் ஒப்பந்தம். இத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டினால் பணம் வரும். இங்கே பெரும்பாலும் ஐட்டம் ரேட். கிளையன்ட் இன்ஜினியரோடு டேப் பிடித்து அளந்து, இருவரும் கையெழுத்துப் போட்ட அளவுத்தாள் இருந்தால்தான் பில் நகரும். அளக்கும் விதி ஐஎஸ் 1200.

அடுத்த இன்டர்வியூவில் ஒரு கணக்கே கொடுத்தார்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரச் சுவர், இரு பக்கமும் ஒரே பூச்சு, நடுவில் 1.2-க்கு 1.5 ஜன்னல். பூச்சு எத்தனை சதுர மீட்டர்? மொத்தம் 24. ஜன்னல் 1.8. இரண்டு பக்கமும் கழித்து 20.4 என்று சொல்லத்தான் கை துறுதுறுக்கும். திறப்பு 0.5-க்கு மேல் 3 சதுர மீட்டர் வரை இருந்தால் ஒரு பக்கம் மட்டுமே கழிக்க வேண்டும்; ஜன்னலின் உள்ஓரப் பூச்சைத் தனியாகக் கூட்டக் கூடாது. ஆக 22.2. முந்தைய வாரம்தான் அந்த விதியைப் படித்திருந்தேன், தப்பித்தேன். லம்ப்சம் அனுபவத்தை மறைக்கவும் வேண்டாம்; இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

புராஜெக்ட் விவரத்தையும் மாற்றி எழுதினேன். ‘40 மில்லியன் திர்ஹாம்’ இருந்த இடத்தில் ‘14 மாடி, 2 பேஸ்மென்ட், சுமார் 75 கோடி ரூபாய்’. கூடவே, கன்சல்டன்ட் வெட்டிய கூடுதல் வேலைத் தொகையில் எவ்வளவு திரும்ப வாங்கினேன் என்று ஒரு வரி. நேர்காணல் செய்தவர் அந்த வரியில்தான் வெகுநேரம் நின்றார்.

அப்புறம் ஒன்று. வேலை உறுதியான பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் எண்ணான யுஏஎன் கேட்பார்கள். அதில் உங்கள் 9 வருடமும் காலியாகத் தெரியும். சர்வீஸ் சர்டிஃபிகேட், லேபர் கான்ட்ராக்ட், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்து வையுங்கள். அங்குள்ள பேங்க் கணக்கை இன்னும் மூடவில்லை என்றால், ஸ்டேட்மென்டை இறக்கிக்கொண்டு மூடுங்கள்.