எட்டு வகுப்புகள் எப்படி மூன்றாகின்றன?

*வணக்கம் சார். கல்லூரியில் முதலாண்டு கணிதம் படிக்கிறேன். முழு எண்களில், a² − b² என்பது 8-ஆல் வகுபட்டால் a ~ b என்று ஒரு தொடர்பைக் கொடுத்து, அது சமானத் தொடர்பு என நிறுவி வகுப்புகளைப் பட்டியலிடச் சொன்னார்கள். கடப்புப் பண்புக்கு a² − b² = 8k, b² − c² = 8k, கூட்டினால் 16k என்று எழுதினேன். வகுப்புகள் [0] முதல் [7] வரை எட்டு என்றேன். இரண்டுக்குமே மதிப்பெண் கிடைக்கவில்லை. எங்கே தவறு?*

*க.*

அன்புள்ள க.,

முதலில் அந்த k. இரண்டு இடத்திலும் ஒரே k போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் இரண்டு வித்தியாசங்களும் சமம் என்று நீங்களாகவே சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடும், கேள்வியில் அது கிடையாது. a = 5, b = 3, c = 1 என்று வைத்துப் பாருங்கள்: 25 − 9 = 16, 9 − 1 = 8. முதலாவதில் k = 2, இரண்டாவதில் k = 1. உங்கள் நிரூபணம் இந்த மூன்று எண்களுக்கே பொருந்தவில்லை. a² − b² = 8k, b² − c² = 8m என்று தனித்தனி எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள், b² அடிபட்டு a² − c² = 8(k + m) வரும், முடிந்தது. ஒரு எழுத்துக்காகவா மதிப்பெண்ணைக் குறைத்தார்கள் என்று தோன்றலாம், ஆனால் நான் திருத்தியிருந்தாலும் குறைத்திருப்பேன்.

மற்ற இரண்டு பண்புகளுக்கும் ஆளுக்கு ஒரு வரி போதும். a² − a² = 0, அது 8-ஆல் வகுபடும், அதனால் தற்சுட்டு. a² − b² = 8k என்றால் b² − a² = 8(−k), அதனால் சமச்சீர்.

இனி வகுப்புகள். எட்டு என்று ஏன் எழுதினீர்கள் என்று புரிகிறது. 8-ஆல் வகுக்கும்போது வரும் மீதிகள் எட்டு, வகுப்பில் நடத்துவதும் a − b வகுபடும் கணக்குதான். ஆனால் இங்கே வகுபட வேண்டியது வர்க்கங்களின் வித்தியாசம். 1-ஐயும் 3-ஐயும் எடுங்கள்: 9 − 1 = 8, ஆக 1 ~ 3. நீங்கள் தனித்தனியாக எழுதிய [1], [3] இரண்டும் ஒரே வகுப்பு.

(a − b)(a + b) என்று பிரித்து, 8 இந்த இரண்டில் ஒன்றையாவது வகுத்தாக வேண்டும் என்று சிலர் எழுதுவார்கள். அதுவும் தப்பு. 3, 1 என்ற அதே ஜோடியில் அந்த இரண்டு காரணிகள் 2, 4. எதுவும் 8-ஆல் வகுபடாது, பெருக்கினால் வகுபடும். 7 மாதிரி பகா எண்ணாக இருந்தால் அந்த வாதம் செல்லும், 8-க்குச் செல்லாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 0-இல் ஆரம்பியுங்கள். b ~ 0 என்றால் b² என்பது 8-ஆல் வகுபட வேண்டும், எனவே b இரட்டைப்படை, b = 2m. அப்போது 4m² என்பது 8-ஆல் வகுபட வேண்டும், அதற்கு m இரட்டைப்படையாக இருந்தால்தான் முடியும். ஆக [0] என்பது 4-இன் மடங்குகள் அத்தனையும்: …, −8, −4, 0, 4, 8, …

அடுத்து 1. b² − 1 = (b − 1)(b + 1). இது 8-ஆல் வகுபட b ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும். ஒற்றைப்படையாக இருந்துவிட்டால் போதுமா? போதும். b − 1, b + 1 இரண்டும் அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள், அவற்றில் ஒன்று கட்டாயம் 4-இன் மடங்கு, மற்றது 2-இன் மடங்கு, பெருக்கினால் 8 வந்துவிடும். எனவே ஒற்றைப்படை எண்கள் எல்லாமே [1]-இல் இருக்கின்றன. இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னும் எந்த வகுப்பிலும் சேராத எண் 2. b ~ 2 என்றால் b² − 4 வகுபட வேண்டும், b = 2m என்று எழுதினால் 4(m² − 1), எனவே m ஒற்றைப்படை. [2] என்பது …, −6, −2, 2, 6, 10, …

இங்கே நிறுத்தலாம் என்று எப்படித் தெரியும்? எந்த முழு எண்ணும் ஒன்று ஒற்றைப்படை, இல்லையென்றால் 4-இன் மடங்கு, அதுவும் இல்லையென்றால் ஒற்றைப்படை எண்ணின் இரு மடங்கு. வெளியே யாரும் மிச்சமில்லை. இந்த ஒரு வரியை விடையில் கட்டாயம் எழுதுங்கள், எழுதாவிட்டால் வகுப்புகள் மூன்றுதான் என்பதை நீங்கள் நிறுவவில்லை.

உங்கள் எட்டும் முழுக்க வீண் இல்லை. 8-ஆல் வகுத்து ஒரே மீதி வரும் எண்கள் இங்கேயும் ஒரே வகுப்பில்தான் இருக்கும். அந்த எட்டும் 0, 4 ஒன்றாகவும், 2, 6 ஒன்றாகவும், 1, 3, 5, 7 ஒன்றாகவும் சேர்ந்துதான் மூன்றாகியிருக்கின்றன.

அப்புறம், 8-க்குப் பதில் 16 போட்டு நீங்களே செய்து பாருங்கள். இரட்டைப்படை எண்களின் இரண்டு வகுப்புகளும் அப்படியே இருக்கும், ஒற்றைப்படை எண்கள் மட்டும் இரண்டாகப் பிரியும்: 1-ம் 7-ம் ஒரு பக்கம், 3-ம் 5-ம் இன்னொரு பக்கம்.