பம்பிங் நார்மல் என்கிறார்கள், ஆனால் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது. ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு, ஊர் பாலக்கோடு பக்கம். எக்கோவில் "சுவர் தடிப்பா இருக்கு, பம்பிங் 55%, நார்மல்"னு வந்தது. ஆனா கால் வீங்குது, படுத்தா மூச்சு முட்டுது. வருஷக்கணக்கா சாப்பிட்ட பிரஷர் மாத்திரையே இப்ப தலைசுற்ற வைக்குது. பம்பிங் நல்லா இருந்தா ஹார்ட் ஃபெயிலியர் எப்படி வரும்?

பதில்:

அந்த 55% ஒரு விகிதம் மட்டும்தான். மொத்தம் எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது என்பதை அது சொல்லாது. அண்டாவில் பாதி மொண்டாலும் பாதிதான், சொம்பில் பாதி மொண்டாலும் பாதிதான். நான் தருமபுரியில் பொது மருத்துவம் பார்க்கிறேன், எக்கோவும் நானே செய்கிறேன். இந்த எண்ணைப் பார்த்து "இதயம் நல்லா இருக்கு, நுரையீரலைப் பாருங்க" என்று அலையவிடப்பட்ட வயதானவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நல்ல இதயத்தின் இடது கீழறை சுமார் 120 மில்லி ரத்தம் பிடிக்கும் என்று வையுங்கள். அதில் 60% வெளியே போனால் துடிப்புக்கு 72 மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 5 லிட்டர். சுவர் தடித்து, விறைத்து, அறை சுருங்கிப்போன இதயத்தில் 70 மில்லிதான் நிரம்புகிறது. அதில் 55% என்றால் 38 மில்லி. அதே 70 துடிப்புக்கு 2.7 லிட்டர்தான் வருகிறது. நிரம்ப முடியாமல் நிற்கும் ரத்தத்தின் அழுத்தம் பின்பக்கமாக நுரையீரலுக்கு ஏறுகிறது, காலுக்கும் இறங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுவதும் கால் வீங்குவதும் இதனால்தான்.

மாத்திரை தலைசுற்ற வைப்பதும் இதே கணக்குதான். துடிப்புக்கு 38 மில்லிக்கு மேல் கூட்ட இந்த இதயத்தால் முடியாது. வேகமாகத் துடித்துத்தான் அது சமாளிக்கிறது. மெட்டோப்ரோலால் மாதிரி ஒரு பீட்டா பிளாக்கர் கொடுத்துத் துடிப்பை 55-க்கு இறக்கினால் நிமிடத்துக்கு வெறும் 2.1 லிட்டர். எழுந்து நின்றதும் கண் இருட்டாமல் என்ன செய்யும்?

சுவர் தடித்த எல்லா இதயமும் ஒரே நோய் அல்ல. நம் பக்கத்தில் பெரும்பாலும் பல வருடப் பிரஷர்தான் காரணம். வால்வு சுருக்கம், பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு ஆகியவையும் உண்டு. ஆனால் பிரஷரால் தடித்த இதயத்தில் பிரஷர் தொடர்ந்து ஏறித்தான் நிற்கும். பல வருடம் 160, 170 என்று இருந்தவருக்கு மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தும் 100-ஐத் தாண்டவில்லை என்றால், அதைப் "பிரஷர் சரியாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அங்கேதான் அமிலாய்டோசிஸ் என்ற நோயை நினைக்க வேண்டும். மடிப்புக் குலைந்த ஒரு புரதம் இழை இழையாக இதயத் தசைக்கு நடுவே படிந்துவிடுகிறது. தசை வளர்ந்து சுவர் தடிக்கவில்லை, இடையில் வேறு பொருள் அடைந்துகொண்டதால் தடித்திருக்கிறது.

இதைச் சட்டென்று காட்டிக்கொடுப்பது ஒரு முரண்பாடு. எக்கோவில் சுவர் தடிப்பு என்றால் இசிஜியில் அலைகள் உயரமாக வர வேண்டும், ஏனென்றால் அதிகத் தசை அதிக மின்சாரம் காட்டும். இங்கே இருப்பது தசை அல்லவே, அதனால் அலை குட்டையாகவோ, தடிப்புக்குப் பொருந்தாத சாதாரண உயரத்திலோ இருக்கும். இசிஜி நன்றாகத் தெரிந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. முதியவர்களுக்கு வரும் வகையில் பலருக்குக் குட்டை அலை இருப்பதில்லை.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சந்தூர்ப் பக்கம் நர்சரிகளில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் வேலையில் ஆயுசையே கழித்தவர், வயது 76. "தம்பி, பத்தடி நடந்தா மேமூச்சு வாங்குது" என்றுதான் வந்தார். கையில் மூன்று எக்கோ ரிப்போர்ட். எல்லாவற்றிலும் சுவர் 16 மில்லிமீட்டர் (12-க்குள் இருக்க வேண்டும்), பம்பிங் 50-க்கு மேல், "பிரஷரால் வந்த தடிப்பு". இசிஜியில் மார்பின் முன்பக்க லீடுகளில் அட்டாக் வந்தது போன்ற தோற்றம் இருந்ததால் ஆஞ்சியோகிராமும் ஆகியிருந்தது, ரத்தக்குழாய்கள் சுத்தம். அந்த இசிஜித் தாளை விரித்துப் பார்த்தேன். கை கால் லீடுகளில் ஓர் அலைகூட ஐந்து சின்னக் கட்டத்தைத் தாண்டவில்லை. எக்கோவை நானே மறுபடி செய்தபோது அறை சின்னது, மேலறை இரண்டும் பெருத்திருந்தன, இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர். ஸ்ட்ரெயின் என்ற அளவில் இதயத்தின் நுனி மட்டும் நன்றாகச் சுருங்கியது, அடிப்பக்கம் சோர்ந்துபோயிருந்தது. அமிலாய்டில் இப்படித்தான் வரும்.

பிறகு கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு மணிக்கட்டிலும் பழைய ஆபரேஷன் தழும்பு. "கத்தி பிடிச்சுப் பிடிச்சு நரம்பு அழுந்திப்போச்சுன்னாங்க, ஏழெட்டு வருசம் ஆச்சு" என்றார். கார்பல் டனல். இரண்டு கையிலும் வந்தால், குறிப்பாக ஆண்களுக்கு, அதே புரதம் மணிக்கட்டிலும் படிந்திருக்கலாம். இதயத்தில் தெரிவதற்குப் பல வருடம் முன்பே அங்கே தெரிந்துவிடும். முதுகுத் தண்டுக்குழாய் சுருங்குவதும், அடிபடாமலே மேல்கைத் தசைநார் அறுந்து தசை உருண்டுகொள்வதும் இதே கணக்கில் சேரும். நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு திரை உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு கலந்த போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறை இது. முதுகுப் பிடிப்பு, கை கால் மரப்பு என்று சொன்னாலே எல்லோரும் தண்ணீர்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் முதுகு, மணிக்கட்டோடு இதயச் சுவரும் தடித்திருந்தால் தண்ணீர் மட்டும் காரணமாக இருக்காது.

அடுத்து டெஸ்ட். இதில் வரிசை முக்கியம். இதயத்தில் படியும் அமிலாய்டு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கல்லீரல் உண்டாக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் வயதாக ஆகப் பிரிந்து படிவது. இது மெதுவாகப் போகும். மற்றொன்று ஏஎல் வகை. எலும்பு மஜ்ஜையில் ஒரு செல் கூட்டம் கட்டுப்பாடில்லாமல் லைட் செயின் என்ற புரதத்தைக் கொட்டுவதால் வருவது. இதயத்தைப் பிடித்த ஏஎல்லுக்குச் சிகிச்சை தராமல் விட்டால் மாதக்கணக்கில் உயிருக்கு ஆபத்து. அதனால் முதலில் ஏஎல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு மூன்று டெஸ்ட்: ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின், ரத்தத்தில் இம்யூனோஃபிக்சேஷன், சிறுநீரில் இம்யூனோஃபிக்சேஷன். ரத்தமும் சிறுநீரும் இங்கேயே எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பலாம். எலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற பொதுவான புரத டெஸ்ட் மட்டும் செய்துவிட்டு நார்மல் என்று விடக்கூடாது, அதில் இது தப்பிவிடும்.

சந்தூர்ப் பெரியவருக்கு இரண்டு இம்யூனோஃபிக்சேஷனும் சுத்தம். லைட் செயின் விகிதம் மட்டும் 1.9 என்று வந்தது. லேப் தாளில் 1.65 வரைதான் நார்மல் என்பதால் மகன் பயந்துபோனார். அவருடைய கிரியாட்டினின் 1.6. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இந்த விகிதம் கொஞ்சம் ஏறும், 3 வரைகூடப் போகும். ரத்தவியல் மருத்துவரும் அதையே சொன்னார்.

அதன்பிறகுதான் பைரோபாஸ்பேட் ஸ்கேன். அதற்குப் பெங்களூருக்குப் போனார்கள். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். விலா எலும்பின் அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ இதயம் ஒளிர்ந்தால் கிரேடு 2 அல்லது 3. ஏஎல் இல்லை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், இந்தக் கிரேடு ஒன்றே டிரான்ஸ்தைரெட்டின் வகைக்குப் போதும், இதயத்தில் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியதில்லை. இங்கே தவறக்கூடிய இடங்கள் உண்டு. புற்றுநோய்க்கு எடுக்கும் சாதாரண எம்டிபி எலும்பு ஸ்கேன் இதற்கு ஆகாது, நோய் இருந்தும் காட்டாமல் விடலாம். ஸ்பெக்ட் என்ற குறுக்குவெட்டுப் படமும் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் அறைக்குள் இருக்கும் ரத்தத்தின் ஒளியையே தசை என்று நினைத்துவிடலாம். ஏஎல் நோயாளிகளில் சிலருக்கும் இந்த ஸ்கேன் ஒளிரும். ரத்த டெஸ்ட் இல்லாமல் ஸ்கேனை மட்டும் பார்த்து "வயசான வகைதான்" என்று உட்கார்ந்துவிட்டால் உயிரே போகலாம். நான் வரிசையில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான். பெரியவருக்கு ஸ்பெக்ட்டோடு கிரேடு 3 வந்தது.

மருந்தில் நாங்கள் செய்தது பெரும்பாலும் கழித்தல்தான். பீட்டா பிளாக்கரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம், அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையையும் எடுத்தோம். டார்செமைட், ஸ்பைரோனோலாக்டோன் என்று நீர் மாத்திரை, கூட டாபாகிளிஃப்ளோசின். நீர் மாத்திரையும் கயிற்றுமேல் நடப்பதுதான், கூடினால் பிரஷர் விழும், குறைந்தால் வீங்கும். அதனால் தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் செய்ய வேண்டும். மாவடு, ஊறுகாயை நிறுத்தினார். துடிப்பையும் பிரஷரையும் இறக்கும் டில்டியாசெம், வெரபமில் இரண்டும் இந்த நோயில் தவிர்க்க வேண்டியவை. மேலறை ஒழுங்கற்றுத் துடிக்க ஆரம்பித்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து கட்டாயம்.

நோயின் வேரைத் தொடும் மருந்துகளில் ஒன்று டாஃபாமிடிஸ். அது டிரான்ஸ்தைரெட்டின் பிரியாமல் பிடித்து வைக்கும். 2018-இல் வெளியான ஆய்வில் 441 பேரை 30 மாதம் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 29.5% பேரும், எடுக்காதவர்களில் 42.9% பேரும் இறந்தார்கள். படிந்ததை அது கரைக்காது, இனிமேல் படிவதைத்தான் மந்தப்படுத்தும். பலன் தெரியவே ஒன்றரை வருடம் போல ஆனது. அதனால் நடமாட்டம் நன்றாக இருக்கும்போதே தொடங்கினால்தான் அர்த்தம். விலை கடுமை. இந்தப் பெரியவர் குடும்பம் கணக்குப் பார்த்து வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தது. மாத்திரைகளைக் கழித்ததிலேயே மயக்கம் நின்று, வீட்டிலிருந்து தோப்பு வரை அவர் நடந்தார்.

ஏஎல் என்று தெரிந்தால் பாதையே வேறு. ரத்தவியல் மருத்துவரிடம் அதே வாரம் போக வேண்டும், போர்டெசோமிப், டாரட்டுமுமாப் போன்ற மருந்துகள் அவர்கள் கையில்தான்.

உங்கள் அப்பாவுக்கு இந்த நோய்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. போகும்போது பழைய இசிஜி, எக்கோ எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிரஷர் எந்த வருடம் எவ்வளவு இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். கை மரப்பு, நாக்கு தடிப்பு, கண்ணைச் சுற்றிக் கன்றிய நிறம், நுரைத்துப் போகும் சிறுநீர் இவை இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள், கடைசி மூன்றும் ஏஎல் பக்கம் கைகாட்டும். பீட்டா பிளாக்கரை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். டிரான்ஸ்தைரெட்டின் வகை என்று உறுதியானால் மரபணு டெஸ்டும் கேளுங்கள், எத்தனை வயதானாலும். அதில் மாற்றம் இருந்தால் உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு உண்டு, நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.