புயல் அடித்து மரம் சாயலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தானே புயலைப் பற்றி எழுதும்போது, ‘புயல் அடித்துப் பலா மரங்கள் சாய்ந்தன’ என்று எழுதினேன். அடித்தது புயல், சாய்ந்தது மரம், எழுவாய் மாறும்போது ‘அடித்து’ வரக்கூடாது என்கிறார் நண்பர். பிழையா?
ஒரு வாசகர், பண்ருட்டி

அன்புள்ள நண்பருக்கு,

பிழையில்லை, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நண்பர் சொல்லும் விதி தொல்காப்பியத்திலேயே உள்ளது. ‘செய்து’ முதலான மூன்று எச்சங்களும் தம் வினைமுதலின், அதாவது அந்தச் செயலைச் செய்பவரின், வினையைக் கொண்டே முடியும் என்கிறது அது. ‘வந்து’ என்ற சொல்லில் வந்தது அவனா அவளா என்ற அடையாளம் இல்லை. கடைசி வினையைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்கிறோம். அதனால் ‘முருகன் வந்து குமார் போனான்’ என்றால் காது ஏற்பதில்லை. ‘முருகன் வர, குமார் போனான்’ என்றால் சரி.

இப்படி எழுவாய் தொடர்கிறதா மாறுகிறதா என்பதை வினையிலேயே காட்டும் முறைக்கு 1967இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற மொழியியலாளர் பெயர் வைத்தார். எழுவாய்மாற்றக் குறி என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்கப் பழங்குடி மொழியான மொஹாவியில் இது மிகத் தெளிவு. ‘அவன் பாடியபோது அவன் ஆடினான்’ என்ற வாக்கியத்தில் பாடியதும் ஆடியதும் ஒருவனே என்றால் ‘பாடு’ வினை ‘க்’ என்று முடியும், வேறு வேறு ஆள் என்றால் ‘ம்’ என்று முடியும். ஓர் ஒலிதான் வித்தியாசம். தமிழில் ‘ம்’முக்கு இணையாக, மாற்றத்துக்கென்றே தனி விகுதி கிடையாது. ‘வர’ போன்ற ‘செய’ வடிவம் அந்த வேலையைச் செய்தாலும், ‘வாங்கப் போனான்’ என்பதில் ஆள் ஒருவனே.

சரி, உங்கள் புயலுக்கு வருவோம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்ற வாக்கியங்களில் ‘பெய்ய’ என்பதன் இடத்தில் ‘பெய்து’ வந்ததாக உரைமரபு விளக்கும். நான் கவனித்தவரை, முதல் வினை தானாக நடக்கும் நிகழ்வாகவும் அடுத்தது அதன் நேரடி விளைவாகவும் இருந்தால்தான் இந்தச் சலுகை. கரண்ட் போய் மோட்டார் நிற்கும். ஆனால் ‘முருகன் கதவைத் திறந்து குமார் உள்ளே போனான்’ என்று சொல்ல முடியாது. காரணம் இருக்கிறது, ஆனால் திறந்தவன் ஓர் ஆள். கேட்பவர் மனம் அந்த ஆளையே அடுத்த வினையிலும் தேடும். புயலை யாரும் அப்படித் தேடுவதில்லை.

விளைவு இல்லாத இடத்தில் சலுகையும் இல்லை. ‘கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மழை பிடித்துக்கொண்டது’ என்று எழுதினால் மழைதான் பஸ்ஸில் வந்ததாக ஆகிவிடும். ‘இறங்கியதும்’ என்று மாற்றுங்கள். அந்த வடிவம் எழுவாயைக் கட்டுப்படுத்தாது, ‘இறங்கியதும் ஓடினேன்’ என்றும் வரும். எழுதும்போது ஐயம் வந்தால், எச்சத்துக்குப் பக்கத்தில் கடைசி வினையின் எழுவாயை வைத்துப் பாருங்கள். ‘மழை இறங்கி’ என்று தவறு உடனே தெரியும். ‘மரங்கள் அடித்து’ என்பதும் பொருந்தாதுதான், அங்கே அடுத்த கேள்வி: புயல் அடித்ததால்தானே மரம் சாய்ந்தது?