போனஸில் முன்பணத்தைக் கழிக்கலாமா?

"தருமபுரியில் வசிக்கிறோம். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஓர் அக்கா ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 4,500 ரூபாய். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 10,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். மாதம் ஆயிரமாகப் பிடித்தது போக 6,000 பாக்கி. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகத் தருவது எங்கள் வழக்கம். இந்த முறை அதைக் கடனில் கழித்துவிடலாம் என்கிறார் என் மாமியார். தம்பியோ, பணத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் டிஜிட்டல் தங்கம் வாங்கிக் கொடு என்கிறான். எதைச் செய்வது? கொடுக்கும்போது மனம் நோகாமல் என்ன சொல்வது?"

சகோதரிக்கு, உங்கள் அத்தையின் யோசனையில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் தீபாவளி இல்லை. போனஸைக் கடனில் கழித்தால் அந்த அக்கா வெறுங்கையோடு பேருந்து ஏறுவார், அப்போதும் 1,500 ரூபாய் பாக்கி நிற்கும். பிள்ளைக்குத் துணியும் வீட்டுக்குப் பலகாரச் சாமானும் வாங்கியாக வேண்டிய அவர், ஊரில் யாரிடமாவது நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்கு ஐயாயிரம் வாங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாதம் 250 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே இருக்கும். போனஸைக் கழிக்காமல் கொடுப்பதால் உங்களுக்கு என்ன நட்டம்? அந்த 4,500 ரூபாய் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் ஆறு மாதம் கிடந்தாலும் எழுபது ரூபாய்கூட வராது.

ஆகவே போனஸ் முழுதாகப் போகட்டும், முன்பணம் தன் வழியில் வரட்டும். தீபாவளி மாதத்தில் மட்டும் பிடித்தத்தை நிறுத்திவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து பழையபடி ஆயிரமாகப் பிடித்தால் ஆறு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். இதை ஒரு நோட்டில் எழுதி அவருக்கும் காட்டுங்கள். ஆனால் போனஸ் கொடுக்கும் நாளில் அந்த நோட்டை வெளியே எடுக்காதீர்கள்.

தம்பியின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். தங்கம் வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி தனி. இந்த டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. சந்தைக்குப் போகிறவருக்கு வேண்டியது ரூபாய் நோட்டு.

அதையும் தீபாவளிக்கு முந்தைய நாள் கொடுக்காமல், பத்துப் பதினைந்து நாள் முன்னதாகக் கொடுங்கள். அவர் கடன் வாங்கிய பிறகு வரும் போனஸ் அந்தக் கடனுக்குத்தான் போகும்.

இனி, சொல்ல வேண்டிய வார்த்தைகள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் ஈரக் கையில் உறையைத் திணிக்காதீர்கள். வேலை முடிந்ததும் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பூவோடு உறையை வைத்து இரண்டு கையாலும் நீட்டுங்கள். பொதுவாக நன்றி சொல்வதைவிட, அந்த ஆண்டில் அவர் செய்த ஒன்றை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். உதாரணமாக, உங்கள் அத்தை காய்ச்சலில் படுத்திருந்தபோது அவர் இரவு தங்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, அத்தைக்குக் காய்ச்சல் வந்தப்போ ரெண்டு ராத்திரி நீங்க கூடவே இருந்தீங்க. அதனாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போக முடிஞ்சது. அதை மறக்கமாட்டேன். இது உங்க போனஸ், ஒரு மாசச் சம்பளம் முழுசா இருக்கு. முன்பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இந்த மாசம் பிடிக்கவும் மாட்டோம். பசங்களோட நல்லா தீபாவளி கொண்டாடுங்க."

'ஒரு மாசச் சம்பளம் முழுசா' என்பதை விட்டுவிடாதீர்கள்; எவ்வளவு கழித்திருப்பார்களோ என்ற தவிப்போடு அவர் வழியெல்லாம் உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை. 'நீங்க எங்க வீட்டு ஆள் மாதிரி' என்று மட்டும் சொல்ல வேண்டாம். அன்போடு சொன்னாலும், அடுத்த வாரமே ஒட்டடை அடிக்கவும் பரண் துடைக்கவும் கூலியில்லாமல் கூப்பிடுவதற்கு அதுவே வழியாகிவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தீபாவளிச் சுத்தத்துக்கு அவர் கூடுதலாக இரண்டு நாள் வந்தால் அதற்குத் தனியாக 600 அல்லது 700 ரூபாய் பேசிக் கொடுங்கள். அதைப் போனஸில் சேர்க்காதீர்கள்.

அடுத்த ஆண்டு உங்கள் கை இறுகாமலிருக்க, இந்த மாதமே 375 ரூபாய்க்கு வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். முதிரும்போது போனஸ் தயாராக இருக்கும்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். 250 ரூபாய், எழுபது ரூபாய் என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். புடவை எடுப்பதாக இருந்தால், அதை அவர் கையாலேயே அந்த அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.