கடன் வாங்கினால் ஐஸ் ஆலையின் மதிப்பு கூடுமா?

"திருகோணமலையில் எங்கள் ஐஸ் ஆலைக்குப் பாதிக் கடன் எடுத்தால் முதலுக்கு 10க்குப் பதில் 12 வீதம் வருமாம். ஆலையின் மதிப்பும் கூடுமா?"

கூடாது அண்ணை. ஒரு கோடி ஆலை, வருடம் 10 இலட்சம் இலாபம் என்று வையுங்கள். 50 இலட்சக் கடனுக்கு 8 வீத வட்டி 4 இலட்சம் போக, உங்கள் 50 இலட்சத்துக்கு 6 இலட்சம் மிஞ்சும், அதுதான் 12 வீதம். சரி, இலாபம் 4 இலட்சமாகச் சரிந்தால்? உங்களுக்குப் பூச்சியம். கூடுதல் 2 வீதம் அந்த ஆபத்துக்கான கூலி. ஆலை உழைப்பது அதே 10 இலட்சம்தான். 1958இல் பொருளியலாளர்கள் மொடிக்லியானியும் மில்லரும் காட்டியது இதைத்தான், வரியில்லா உலகில்.

நிஜத்தில் வட்டி வரிக்கு முன் கழிபடும். 30 வீத வரியென்றால் வருடம் 1.2 இலட்சம் மிச்சம். ஆனால் மார்கழியில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறினால் ஐஸ் விற்காது, தவணை மட்டும் நிற்காது. தவணை தவறிய கதை பரவினால் படகுக்காரர் வேறு ஆலை தேடுவார்கள். அந்த இழப்பு வரி மிச்சத்தை விழுங்கிவிடும். நானென்றால் மார்கழி வருமானம் தாங்கும் தவணைக்கு மேல் எடுக்கமாட்டேன்.