சட்ட ஆலோசனை: அண்ணன் போனில் பாடும் அடாப்டர் என் போனில் பாடவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கடந்த மாதம் ஒரு செல்போன் கடையில் 650 ரூபாய்க்கு டைப்-சி ஹெட்போன் அடாப்டர் வாங்கினேன். வாங்கும் முன் வாட்ஸ்அப்பில், "என்னுடையது கேலக்ஸி எஸ்23, வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "எல்லா டைப்-சி போனுக்கும் வரும்" என்று பதில் வந்தது. என் போனில் சத்தமே வரவில்லை. அதே அடாப்டரைக் கடைக்காரர் என் அண்ணனின் ஒன்பிளஸ் 6டி போனில் செருகினார், நன்றாகப் பாடியது. "பொருளில் கோளாறு இல்லை, உங்கள் போனில்தான் கோளாறு. விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லிலேயே இருக்கிறது" என்கிறார். நான் என்ன செய்யலாம்? — வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் உங்கள் போனிலும் கோளாறு இருக்காது, அடாப்டரும் பழுதானதல்ல. ஆனாலும் வழக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டுதான் புகாரை எழுத வேண்டும். "அடாப்டர் பழுது" என்று மட்டும் எழுதினால் நிச்சயம் தோற்பீர்கள்.

டைப்-சி ஹெட்போன் அடாப்டரில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காதில் வைக்கும் ஹெட்போனுக்கு வேண்டியது அலைபோல ஏறி இறங்கும் அனலாக் மின்சாரம். போனில் பாட்டு இருப்பதோ எண்களாக. எண்ணை அலையாக மாற்ற டி.ஏ.சி. என்ற சிப் தேவை. அந்தச் சிப் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லா வேறுபாட்டுக்கும் காரணம்.

முதல் வகை அடாப்டரில் சிப் கிடையாது. கம்பிகளும் சிறு மின்தடையும் மட்டுமே. என்ன கருவி செருகப்பட்டது என்பதைப் போனுக்குச் சொல்பவை பிளக்கில் உள்ள இரண்டு சி.சி. முனைகள். அடாப்டரைச் செருகியதும் அவை இரண்டும் குறைந்த மின்தடை வழியாக மின்சுற்றின் தரைமுனையோடு இணைகின்றன. டைப்-சி விதிமுறையில் அதற்கு "அனலாக் ஹெட்போன் வந்திருக்கிறது" என்று பொருள். அந்த ஏற்பாடு உள்ள போன், தன் உள்ளேயே மாற்றிய ஒலியை, வழக்கமாகத் தரவு ஓடும் இரண்டு கம்பிகளில் இடது, வலது என்று திருப்பிவிடும். அதற்குப் போனின் பலகையில் தனியாக ஒரு ஸ்விட்ச் சுற்று வேண்டும். ஒன்பிளஸ் 6டியில் அது இருக்கிறது. கேலக்ஸி எஸ்23இல் இல்லை. இல்லாத போனில் அந்த அடாப்டர் வெறும் கம்பிதான்.

இரண்டாவது வகையில் சிப் அடாப்டருக்குள்ளேயே, பெரும்பாலும் பிளக்கின் தலைப்பகுதியில், இருக்கிறது. போனிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு, எண்களாக வரும் ஒலியைத் தானே அலையாக மாற்றும். மைக்கில் வரும் குரலை எண்ணாகத் திருப்பி அனுப்பும். போனின் கண்ணில் அது ஒரு யூ.எஸ்.பி. ஒலிக்கருவி. உங்கள் போனுக்கு வேண்டியது இந்த வகை.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10) "குறைபாடு" என்பதை வரையறுக்கும்போது, பொருள் உடைந்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் குறைவதும், விற்பவர் எந்த விதத்திலாவது உரிமை கோரிய தரத்தில் குறைவதும் குறைபாடுதான். "எல்லா டைப்-சி போனுக்கும் வரும்" என்பது அப்படியொரு உரிமைகோரல். சிப் இல்லாத அடாப்டர் அந்த வாக்கை ஒருநாளும் நிறைவேற்ற முடியாது. ஆகவே மின்னணுவியல்படி நல்ல பொருள், சட்டப்படி குறைபாடுள்ள பொருள்.

இதோடு பொருள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி, அந்தப் பொருளை வழக்கமாக விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது மறைமுக நிபந்தனை. பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்த நிபந்தனை பொருந்தாது என்று ஒரு விலக்கு இருக்கிறது; கடைக்காரர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். நீங்களோ போன் மாடலைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் வழக்கின் உயிர். அதை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றுவதானால் முதலில் காப்பு எடுத்துவிடுங்கள்.

பில்லில் உள்ள "திரும்பப் பெறுவதில்லை" என்ற வரியைக் கண்டு தயங்க வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)இன் கீழ் முறையற்ற வணிக நடைமுறை.

புகார் கொடுக்கும் முன் சான்றைத் திரட்டுங்கள். அடாப்டரை டைப்-சி உள்ள ஒரு மடிக்கணினியில் செருகி, ஒலி வெளியீட்டுப் பட்டியலைப் பாருங்கள். சிப் இருந்தால் புதிய ஒலிக்கருவியாக அது அங்கே தோன்றும். இல்லாவிட்டால் பட்டியல் மாறாது. சில ஆண்ட்ராய்ட் போன்களில் சிப் இல்லாத அடாப்டரைச் செருகினால் "Analog audio accessory detected" என்ற அறிவிப்பு வரும். உங்கள் போனில் வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு சிப் உள்ள ஓர் அடாப்டரை யாரிடமாவது வாங்கி உங்கள் போனில் செருகி, பாடுவதைக் காணொளியாக எடுங்கள். "உங்கள் போனில்தான் கோளாறு" என்ற வாதம் அதோடு தீர்ந்தது. மாறாக, சிப் உள்ள அடாப்டரும் பாடவில்லையென்றால் போனின் துளையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அப்போது கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கக்கூடும்.

இந்த வேலையைச் செய்யாமல் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் புகார் எழுதினால் என்ன நடக்கும்? அதே சட்டத்தின் பிரிவு 38இன்படி நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆய்வகம் ஏற்ற போனில் செருகிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று அறிக்கை தரும். ஆகவே புகாரின் மைய வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "கேலக்ஸி எஸ்23க்கு வேலை செய்யும் என்று எதிர்தரப்பினர் எழுத்தில் உறுதி கூறினர், விற்றது டி.ஏ.சி. சிப் இல்லாத, அந்தப் போனில் இயங்கவே முடியாத அடாப்டர்."

முதலில் இதையே கடைக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். இவ்வளவு சிறிய தொகை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிட வாய்ப்புண்டு. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கால வரம்பு 2 ஆண்டு. வாட்ஸ்அப் படிகளோடு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

650 ரூபாயோடு, அலைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகையைக் கேளுங்கள். லட்சங்களில் கேட்டால் புகாரின் மதிப்பு குறையும். கடைக்காரர் பொய் சொன்னார் என்றும் எழுத வேண்டாம். இந்த இரு வகை வேறுபாடு விற்பவர்கள் பலருக்கே தெரியாது; அவர் தெரியாமல் சொல்லியிருந்தாலும் உங்கள் உரிமை குறையாது. அவர் சிப் உள்ள அடாப்டரை மாற்றித் தர முன்வந்தால், விலை வித்தியாசத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்வதே என் யோசனை. ஆனால் கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாட வைத்துப் பார்த்து, புதிய பில்லில் "டி.ஏ.சி. உள்ளது, கேலக்ஸி எஸ்23க்கு" என்று எழுதி வாங்கிய பிறகே பழையதைத் திருப்பிக் கொடுங்கள்.